நாலு கிளிக்

சேகரனை வேனிலிருந்து இறக்கியபோதே அவனுடைய கீழுதடு கிழிந்து தொங்கியது. சட்டையில் ஒரு பித்தான்கூட மிச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மலாக்கா பக்கத்து டுரியான் துங்கால் கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் இருந்த நேரம்தான். ஆனாலும் என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. மருதமுத்துவின் வேன் வந்து நின்றால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் திடீரென்று வேறு வேலை வந்துவிடும்.

மருதமுத்து கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன். ரெம்பியா சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் அம்மனுக்குக் கரகம் எடுத்தால் அவன் செட்தான் பாட வேண்டும். வேறு செட் பாடினால் அன்றைக்குக் கரகத்தோடு சேர்த்து நாலு மண்டையும் உடையும். அவன் தங்கை ராகினியைத்தான் திலீபன் கட்டியிருந்தான்.

திலீபன் தான் குடியிருந்த கடைவீட்டின் பின்னறையில் இருந்தான். திங்கள் முதல் சனி வரை பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஓர் ஒலிக்கருவித் தொழிற்சாலையில் டெக்னீஷியன், ஞாயிறு இந்தப் பின்னறையில் ரிப்பேர். கதவை உதைத்துத் திறந்துகொண்டு மருதமுத்து வந்தான். அவனுக்குப் பின்னால் அவன் வேலையாள் பிரவின், சேகரனின் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான். கடைசியில் முப்பது கிலோ ஆம்ப்ளிஃபயரை மருதமுத்துவே வேனுக்குத் திரும்பிப் போய்த் தூக்கி வந்து மேசைமேல் வைத்தான்.

"அளந்து சொல்லு மச்சான்," என்றான். "இவன் கை வச்ச ஆம்ப் இது. வெள்ளிக்கிழமை சாமி ஊர்வலத்துல எட்டு ஹார்ன் ஸ்பீக்கரும் கருகிப் போச்சு. எதிர் செட்டுக்காரன் விசில் அடிக்கிறான்லா, விசில்! ஒரிஜினல் ட்ரான்சிஸ்டரைக் கழட்டி வித்துட்டு டூப்ளிகேட் போட்டிருக்கான் இந்த நாயி."

"நாலு அவுட்புட் ட்ரான்சிஸ்டர் போயிருந்துச்சு. நாலையும் மாத்துனேன். ஒரிஜினல்தான் போட்டேன்," என்றான் சேகரன். ரத்தத்தைத் தரையில் துப்பினான். "நான்தான் திலீபன்கிட்டே கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். மெஷின் சொல்லட்டும் திலீபா. மெஷின் என்ன சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்பட்டுக்கிறேன்."

"கேட்டியா? அவன் வாயாலயே சொல்லிட்டான்," என்றான் மருதமுத்து. "நாலு ட்ரான்சிஸ்டர் மாத்துனான். மெஷின் மோசம்னு சொல்லிச்சுன்னா நாலு விரல். சோல்டரிங் பிடிக்கிற கையில."

திலீபனுக்குப் பயமாக இருந்தது. ஆனால் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்: கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ரெம்பியா முழுக்க நடுங்குகிற மச்சான், தீர்ப்புக்கு அவனிடம் வந்திருக்கிறான். தீர்ப்புச் சொல்லப் போகிற இயந்திரம் அவனுடையது.

அந்த இயந்திரம் ஒரு பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசர். தொழிற்சாலை லேலோங்கில் தள்ளியபோது ஏலம் கேட்டு எடுத்தது. ஒலியை உள்ளே விட்டால், அதில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பச்சைத் திரையில் ஒவ்வொன்றையும் ஒரு முனையாக எழுப்பிக் காட்டும். அதன் முகத்தில் இடது ஓரம் ஒரு குமிழ் இருந்தது. உள்ளே வரும் சிக்னலை முதல் வாசலிலேயே குறைத்து அனுப்புகிற அட்டனுவேட்டர் அது. குமிழ் பூஜ்யத்தில் நின்றது. அசையாதபடி அதன் கழுத்தில் சிவப்பு அரக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். தொழிற்சாலையில் அளந்ததெல்லாம் டேப் ரெக்கார்டர் பலகைகளின் துக்கடா மில்லிவோல்ட். குறைக்க வேண்டிய தேவையே இல்லை. ஆகவே பூஜ்யம், ஆகவே அரக்கு. சிவப்பை உடைத்தவனுக்கு வேலை போகும் என்பது அங்கே வேலைக்குச் சேரும் முதல் நாளே காதில் ஓதப்படும் மந்திரம்.

ஒரே ஒருவன் உடைத்தான். சேகரன்தான். அப்போது திலீபனின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அவன். புதிதாக வந்த பலகை கூடுதல் வோல்டேஜ் கொடுக்கிறது, கோளாறு பலகையில் இல்லை, இந்த இயந்திரமே மூச்சுத் திணறிப் பொய் சொல்கிறது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தான். யாரும் கேட்கவில்லை. ஸ்க்ரூடிரைவரால் அரக்கைச் சுரண்டிக் குமிழைத் திருப்பினான். மறுநாள் சூப்பர்வைசர் வந்தபோது விரலை நீட்டிக் காட்டியவன் திலீபன். பொய் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னான். ஆனால் கேட்பதற்கு முன்பே சொன்னான். குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பி மறுபடி அரக்கு வைத்தார்கள், சேகரனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அடுத்த வாரம் அந்த நாற்காலி திலீபனுக்கு வந்தது.

"சரி, உட்கார வையுங்க," என்றான் திலீபன்.

வேலையில் இறங்கினான். ஸ்பீக்கருக்குப் பதிலாக டம்மி லோடை மாட்டினான். அலுமினியத் தகட்டில் வரிசையாக முடுக்கிய தடிமனான ரெசிஸ்டர்கள், மொத்தம் எட்டு ஓம். சத்தம் வராது, ஆம்ப் கொடுக்கும் சக்தியெல்லாம் சூடாகப் போய்விடும். சுத்தமான ஒற்றை ஒலி கொடுக்கும் ஆசிலேட்டரிலிருந்து ஆயிரம் ஹெர்ட்ஸ் ஆம்புக்குள் விட்டான். லோடின் குறுக்கே நாற்பது வோல்ட் வரும்வரை ஏற்றினான். இருநூறு வாட். அதை இரண்டு ரெசிஸ்டர் வைத்து நூறில் ஒரு பங்காக்கி அனலைசருக்குக் கொடுத்தான். நாற்பது வோல்ட் அரை வோல்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. போதும் என்று நினைத்தான். மில்லிவோல்ட் குடித்தே வளர்ந்த இயந்திரத்துக்கு அதுவும் ஆற்று வெள்ளம் என்று அவன் நினைக்கவில்லை.

திரையில் முதல் முனை எழுந்தது, ஆயிரத்தில். அதன் உச்சி மேல்கோட்டைத் தொடும்படி வேறொரு குமிழைச் சரிசெய்தான். அதுதான் மூல ஒலி, அதுதான் அளவுகோல். ஆம்ப் சுத்தமாக இருந்தால் திரையில் இந்த ஒற்றை மரம் மட்டும்தான் நிற்க வேண்டும். ஆனால் இரண்டாயிரத்தில் ஒன்று, மூவாயிரத்தில் ஒன்று, நாலாயிரத்தில், ஐயாயிரத்தில் என்று வரிசையாக நின்றன. போடாத ஒலி பெருக்கத்தில் முளைத்திருக்கிறது. ஹார்மோனிக்.

மருதமுத்து திரைக்கு அருகே முகத்தை வைத்தான். "இது என்ன வேலி மாதிரி நிக்குது?"

"அதுதான் அழுக்கு," என்றான் திலீபன்.

ஒரு கட்டத்துக்குப் பத்து டெசிபல். எண்ணி எழுதினான். உச்சியிலிருந்து இரண்டாவது முனை முப்பத்துநான்கு டெசிபல் கீழே. மூன்றாவது இருபத்தாறு. நாலாவது நாற்பது. ஐந்தாவது முப்பத்துநான்கு. இருபது டெசிபல் இறங்கினால் வோல்டேஜ் பத்தில் ஒன்று, நாற்பது இறங்கினால் நூறில் ஒன்று. அந்தக் கணக்கில் இரண்டாவது மூலத்தில் இரண்டு சதவீதம், மூன்றாவது ஐந்து, நாலாவது ஒன்று, ஐந்தாவது இரண்டு. அவனுக்கு நிதானம்தான் அழகு. கால்குலேட்டரில் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் போட்டுப் பார்த்தான். கட்டங்களை மறுபடி எண்ணினான். இடையில் பிரவின் சிகரெட் பற்ற வைத்தான். சேகரன் தரையில் உட்கார்ந்தபடி அந்தச் சிவப்பு அரக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சும் ரெண்டும் ரெண்டும் ஒண்ணும் பத்து!" என்று மருதமுத்து தோள்மேலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினான். "பத்து பெர்சன்ட்!"

"அப்படிக் கூட்டக் கூடாது மச்சான். ஒவ்வொண்ணையும் அதாலயே பெருக்கிக் கூட்டணும், அப்புறம் வர்க்கமூலம் எடுக்கணும்." நாலு, இருபத்தைந்து, ஒன்று, நாலு. முப்பத்துநான்கு. அதன் வர்க்கமூலம் ஐந்து புள்ளி எட்டு. "அஞ்சு புள்ளி எட்டு பெர்சன்ட். இந்த ஆம்புக்கு புத்தகத்துல போட்டிருக்கிறது புள்ளி ஒண்ணு. அதுக்குள்ளே இருக்கணும்."

கணக்கில் ஒரு குறையும் இல்லை. பாடம் சொல்லிக் கொடுத்தவர் யாராக இருந்தாலும் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார். குருடன் சரியாக எண்ணிச் சொன்ன படி அது. எந்த வீட்டுப் படி என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை.

"அட்டனுவேட்டர் எதுல நிக்குது?" என்றான் சேகரன்.

திலீபன் கணக்கு எழுதிய தாளை மடித்து வைத்தான்.

"திலீபா, அது பூஜ்யத்துல நிக்குது. மெஷினோட வாசல் அடைச்சுக்கிட்டு அதுவே ஹார்மோனிக் உண்டாக்குது. அது ஆம்போடது இல்லை. பத்து டெசிபல் குறைச்சுப் பாரு. ஒரே ஒரு கிளிக். ஆம்போட அழுக்கா இருந்தா மூல முனைக்கும் மத்ததுக்கும் இருக்கிற எறக்கம் அப்படியே நிக்கும், அசையாது. மெஷினோட அழுக்கா இருந்தா விழுந்திரும். ஒரு கிளிக்லா, கெஞ்சிக் கேக்கிறேன்."

அவன் சொன்னது உண்மை என்று திலீபனின் மூளையில் ஒரு மூலைக்குத் தெரிந்தது. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் அன்றைக்குத் தொழிற்சாலையில் விரல் நீட்டியதும் தப்பாகிவிடும். இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் தப்பாகிவிடும். ரோஷம் வந்தது. அறிவு போன இடத்தில் அதுதானே முதலில் வந்து உட்காரும்.

"அது கலிப்ரேஷன் சீல். தொடக் கூடாது," என்றான். "உனக்கு அந்தப் பழைய வியாதி இன்னும் போகலையா?"

மருதமுத்துவுக்கு அது போதும். மேசையில் கிடந்த சுத்தியலை எடுத்தான். பிரவின் சேகரனைத் தூக்கி மேசையில் கவிழ்த்து முழங்காலால் முதுகை அழுத்தினான். வலது கையை இழுத்து மரப்பலகையில் விரித்தார்கள். சேகரன் தன்னைப் பிடித்த கையைக் கடித்தான். மருதமுத்து முழங்கையால் அவன் காதோடு சேர்த்து ஓர் இடி இடித்தான். தலை பலகையில் மோதி எகிறியது.

"மச்சான், போலீஸ்ல குடுத்திரலாம் மச்சான்," என்றான் திலீபன். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

"நீ உன் வேலையைப் பாரு. தீர்ப்பு சொல்லிட்டேல்ல."

முதல் அடி சுண்டுவிரலில் விழுந்தது. முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம். அதற்குப் பிறகு வந்த சத்தத்தை மனிதச் சத்தம் என்று சொல்ல முடியாது. திலீபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பிய பக்கம் இயந்திரம் இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஸ்க்ரூடிரைவரை எடுத்து அரக்கைச் சுரண்டினான். காய்ந்த ரத்தம் மாதிரி உதிர்ந்தது. குமிழைப் பிடித்தான்.

ஒரு கிளிக்.

பத்து டெசிபல் வாசலில் குறைந்தது. இயந்திரம் உள்ளே அதைத் தானே ஈடுகட்டிக்கொண்டதால் மூல முனை இருந்த இடத்திலேயே நின்றது. மூன்றாவது முனை இருபத்தாறிலிருந்து நாற்பத்தாறுக்கு விழுந்தது. இரண்டாவது முப்பத்துநான்கிலிருந்து நாற்பத்துநான்குக்கு. நாலாவதும் ஐந்தாவதும் மண்ணுக்குள் போயின. விழக் கூடாதவை விழுந்துவிட்டன. சேகரன் சொன்னது சொன்னபடி.

அந்த இடத்தில் அவன் "நிறுத்து" என்று சொல்லியிருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கே ஆத்திரம் வருகிறது. ஒரு வார்த்தை, மூன்றெழுத்தோ நாலெழுத்தோ. ஆனால் டெக்னீஷியன் மூளை வேறு மாதிரி ஓடியது. ஒரு தடவை தப்பாகச் சொல்லியாயிற்று, மறுபடியும் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது, முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்லுவோம். நிதானம்தான் அவனுக்கு அழகு என்று சொன்னேன் அல்லவா? நிதானம் பிசாசாகவும் ஆடும்.

"ரெண்டு!" என்றான் மருதமுத்து. சுத்தியல் இறங்கியது. சேகரனின் கால்கள் தரையை உதைத்தன. இரண்டாவது கிளிக். மூன்றாவது முனை அறுபத்தாறு, இரண்டாவது ஐம்பத்துநான்கு.

"மூணு!" நடுவிரல். இந்தத் தடவை அலறல் வரவில்லை, காற்று மட்டும் வந்தது. மூன்றாவது கிளிக். இரண்டாவது முனை அறுபத்துநான்கு. திரையின் அடியில் இரைச்சல் புல் ஒவ்வொரு கிளிக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டிருந்தது.

"நாலு!" ஆட்காட்டி விரல். நாலாவது கிளிக். மிச்சமிருந்த இரண்டு முனைகளும் சொல்லும்படி அசையவில்லை. இரண்டாவது அறுபத்தாறில், மூன்றாவது எழுபதில், குத்துக்கல்லாக நின்றன. இனி இதுதான் ஆம்பின் சொந்த அழுக்கு. புள்ளி பூஜ்யம் ஐந்து சதவீதம், புள்ளி பூஜ்யம் மூன்று சதவீதம். பெருக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் புள்ளி பூஜ்யம் ஆறு. புத்தகம் சொல்கிற அளவுக்குள், புதுப் பெண் மாதிரி சுத்தமான ஆம்ப்.

"நிறுத்து!" என்று கத்தினான் திலீபன். "நிறுத்துங்க மச்சான்! ஆம்ப் நல்லாருக்கு. மெஷின்தான் தப்பு. நான்தான் தப்பு!"

மருதமுத்து சுத்தியலைக் கீழே தொங்கவிட்டு நின்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது. பிரவின் முழங்காலை எடுத்தான். சேகரன் மேசையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்து, கையை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டுகொண்டான்.

"என்ன சொல்றே?"

"புள்ளி பூஜ்யம் ஆறு. அவன் ஒரிஜினல்தான் போட்டிருக்கான். ஹார்னைக் கருக்குனது இந்த ஆம்ப் இல்லை. மிக்ஸர்லயே உடைஞ்சுபோன சத்தத்தை அனுப்பினா ஆம்ப் என்ன செய்யும்? உடைஞ்சதைத்தான் பெருசாக்கிக் கொடுக்கும். வெள்ளிக்கிழமை மிக்ஸர்ல சிவப்பு லைட் எரிய எரிய ஏத்துனது யாரு?"

பிரவின் தரையைப் பார்த்தான். எதிர் செட்டை அமுக்கவேண்டும் என்று எல்லாக் குமிழையும் கடைசிவரை தள்ளியது தன் முதலாளிதான் என்று அவனுக்குத் தெரியும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மருதமுத்துவுக்குப் புத்தி மட்டில்லை. நிறைய இருந்தது. அந்தப் புத்திதான் இப்போது வேலை செய்தது.

"அந்தக் குமிழைத் திருப்பி வை," என்றான் மெதுவாக.

"என்ன?"

"பழைய மாதிரி வை. வேலி மாதிரி நின்னுச்சே, அது திரும்ப வரட்டும். பிரவின் வேன்ல இருந்து கேமரா எடுத்துட்டு வருவான். அதைப் படம் எடுத்து கோயில் கமிட்டிக்குக் காட்டுவேன். நீயும் கூட வந்து அஞ்சு புள்ளி எட்டுன்னு சொல்லுவே. செஞ்சது செஞ்சாச்சு. இவன் திருடன்னு இருந்தாதான் இந்தக் கைக்கு நியாயம் இருக்கு."

திலீபன் குமிழின் முன்னால் வந்து நின்றான். மேசையின் அந்தப் பக்கம் டம்மி லோட் இன்னும் இருநூறு வாட்டை விழுங்கிக்கொண்டு கொதித்தது. ஆம்பை யாரும் நிறுத்தவில்லை.

"மாட்டேன்," என்றான்.

"தங்கச்சி புருஷன்னு பாக்கிறேன். வை."

"மாட்டேன் மச்சான்."

சுத்தியல் வந்தது. திரையைக் குறிவைத்தானோ இவனைக் குறிவைத்தானோ, திலீபன் குறுக்கே பாய்ந்ததில் அடி காறை எலும்பில் விழுந்து, உள்ளே எதுவோ முறிந்தது. இடது கை செத்துத் தொங்கியது. இரண்டாவது ஓங்கலுக்கு மருதமுத்து கையைத் தூக்கியபோது திலீபன் தலையைக் குனிந்து மாடு முட்டுவதுபோல அவன் மார்பில் முட்டினான். கனத்த உடம்பு பின்னால் சாய்ந்து மேசையில் விழுந்தது. பிடிமானத்துக்கு ஊன்றிய கை முழங்கை வரைக்கும் டம்மி லோட்மேல் போய் ஒட்டியது. சீறல் சத்தம். முடியும் தோலும் தீய்ந்த வாடை அறை முழுக்க அடித்தது. மருதமுத்து கையைப் பிய்த்து எடுத்தபோது தோலில் பாதி தகட்டிலேயே தங்கிவிட்டது. திலீபன் அத்தோடு விடவில்லை. நல்ல கையால் அவன் கழுத்தைப் பிடித்து முகத்தில் முட்டினான், மறுபடியும் முட்டினான். மூக்கு உடைந்தது தன் நெற்றியில் தெரிந்தது. எத்தனை தடவை என்று எண்ணவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் எதையும் எண்ணவில்லை.

"போதும்! விடுங்க!"

ராகினி வாசலில் நின்றாள். கடை மேல்மாடியிலிருந்து அலறல் கேட்டு இறங்கி வந்தவள். அண்ணனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். இரண்டு பேரையும் விட்டுவிட்டுத் தரையில் கிடந்தவனிடம் போனாள். அவன் கையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் எழுந்து அண்ணன் இடுப்பிலிருந்து வேன் சாவியைப் பிடுங்கினாள்.

"தங்கச்சி..." என்றான் மருதமுத்து, மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக.

"அப்படிக் கூப்பிடாதே," என்றாள். "பிரவின், அவரைத் தூக்கு. தூக்குடா போடோ, முட்டாள் மாதிரி நின்னுக்கிட்டு பாக்கிறே!"

மலாக்கா மருத்துவமனைக்கு அவள்தான் வேனை ஓட்டினாள். மறுநாள் திலீபன் கட்டுப்போட்ட தோளோடு போலீஸ் பலாய்க்குப் போய் நடந்ததைச் சொன்னான். அளந்ததையும், அளந்தது தப்பு என்பதையும், யார் பிடித்தது, யார் அடித்தது என்பதையும். ஹார்மோனிக் என்றால் என்ன என்று எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் இரண்டு தடவை கேட்டார். மருதமுத்துவையும் பிரவினையும் அன்று சாயங்காலமே பிடித்துக்கொண்டு போனார்கள். திலீபன் அந்த வாரமே தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டான். யாரும் போகச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை பார்வை நேரத்தில் மருத்துவமனைக்குப் போனான். வார்டு வாசலில் சேகரனின் மனைவி தேவமலர் நின்றாள். கன்னத்தில் அறைந்தாள். கட்டுப்போட்ட தோள் அதிர்ந்து கண் இருட்டியது. மறு கன்னத்திலும் அறைந்துவிட்டு வழிவிட்டாள்.

சேகரனின் வலது கை வெள்ளைப் பொதியாகத் தலையணைமேல் இருந்தது. கட்டைவிரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரலும் மோதிர விரலும் எடுத்தாயிற்று. மற்ற இரண்டும் இருக்கும், ஆனால் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திலீபன் கட்டில் பக்கத்தில் நின்றான். மன்னிப்புக் கேட்க வந்தவன்.

"எவ்வளவு வந்துச்சு?" என்றான் சேகரன், கூரையைப் பார்த்தபடி.

"புள்ளி பூஜ்யம் ஆறு."

"நல்ல ரிப்பேர்தான்."

"நல்ல ரிப்பேர்ண்ணே."

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார்.

"கணக்குப் போட எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டே?"

"இருபது நிமிஷம் இருக்கும்."

"எத்தனை கிளிக் திருப்புனே?"

"நாலு."

சேகரன் முதல் தடவையாக அவன் பக்கம் திரும்பினான். உதட்டில் தையல். கண்ணில் கோபம் இருந்திருந்தால் திலீபன் தாங்கியிருப்பான். அங்கே இருந்தது சந்தேகம். ஒரு டெக்னீஷியன் இன்னொரு டெக்னீஷியனிடம் கேட்கிற சந்தேகம்.

"முதல் கிளிக்லயே எறங்கியிருக்குமே?"

திலீபன் வாயைத் திறந்தான். இல்லை என்று சொல்ல ஒரு கணம் போதும். முதல் கிளிக்குக்கும் "நிறுத்து" என்று கத்தியதற்கும் இடையில் திரையில் என்ன தெரிந்தது என்று பார்த்தவர் வேறு ஒருவரும் இல்லை. போலீஸிடம்கூட அதைச் சொல்லவில்லை.

"எறங்குச்சு," என்றான். "இருபது டெசிபல் எறங்குச்சு. அப்பவே, சுண்டுவிரல் போனப்பவே, எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

சேகரன் பொதிந்திருந்த கையைப் பார்த்தான். இடது கையால் அந்தப் பொதியின்மேல் ஒவ்வோர் இடமாகத் தொட்டான். சுண்டுவிரல் இருந்த இடத்தைத் தொட்டுவிட்டு, "இது மருதமுத்து," என்றான். பிறகு அடுத்தது, அடுத்தது, அடுத்தது.

"இந்த மூணும் நீ," என்றான்.